மதிப்பெண் மொத்தம், தரவரிசை, தரநிலை: தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் தொகுப்பு முறைகளின் வரலாறு (1978–2021)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மாணவர் பல பாடங்களிலும் பல தேர்வுகளிலும் பெற்ற மதிப்பெண்களை ஒரே எண்ணாகவோ, ஓர் இடமாகவோ, ஒரு குறியீடாகவோ சுருக்கித் தருவது பள்ளித் தேர்ச்சி அறிக்கையின் பணியாகும். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978 முதல், பொதுத்தேர்வு இன்றியே மதிப்பெண் வழங்கப்பட்ட 2021 வரை இச்சுருக்கம் மூன்று வடிவங்களில் நடைபெற்றுள்ளது. அவை மொத்தம், தரவரிசை, தரநிலை என்பன. இம்மூன்றும் வெறும் கணக்கு வேலைகள் அல்ல. எதற்கு எவ்வளவு எடை, சமநிலையில் யார் முன்னவர், எல்லைக்கோடு எங்கே என்னும் முடிவுகள் ஒவ்வொன்றிலும் உள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுக் கணக்குகளின் வழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: மதிப்பெண் தொகுப்பு, தரவரிசை, தரநிலை, முப்பருவ முறை, மேல்நிலைப் பொதுத்தேர்வு, எடை.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்வி வரலாறு குறித்த ஆய்வுகள் பாடத்திட்டம், பயிற்றுமொழி, நுழைவுத்தேர்வு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. ஆனால் விடைத்தாள் திருத்தப்பட்ட பின்பு, மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்கு முன்பு நிகழும் தொகுப்புப் பணி பெரும்பாலும் எழுத்தர் வேலையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. திருத்துபவர் ஒரு விடைக்கு இடும் மதிப்பெண்ணில் அவரது மதிப்பீடு இருப்பதை எவரும் ஏற்பர். அம்மதிப்பெண்களைக் கூட்டுவதிலும் வரிசைப்படுத்துவதிலும் அதே அளவு மதிப்பீடு உண்டு என்பது எளிதில் புலப்படுவதில்லை. அதனைப் புலப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மொத்தம்: பெயரளவு எடையும் செயல் எடையும்

பதினோராண்டுப் பள்ளிக் கல்வியும் அதன்பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் என்றிருந்த அமைப்பு மாற்றப்பட்டு, 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதல் மேல்நிலைப் பொதுத்தேர்வு 1980இல் நடைபெற்றது. இத்தேர்வின் நிலைபெற்ற வடிவத்தில் ஆறு பாடங்கள். பாடத்திற்கு 200 வீதம் மொத்தம் 1200. இரு மொழிப்பாடங்களுக்கும் இரண்டிரண்டு தாள்கள் இருந்தன. செய்முறை உள்ள அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50 எனப் பிரிக்கப்பட்டது.

பத்தாம் வகுப்பில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. மொழிப்பாடத்தின் இரு தாள்களும் தனித்தனியே 100 மதிப்பெண்களுக்கு நடத்தப்பட்டுச் சராசரியாக்கப்பட்டன. ஆகவே ஐந்து பாடங்களுக்கு மொத்தம் 500. இரண்டு தாள் எழுதிய மொழிப்பாடமும் ஒரு தாள் எழுதிய கணிதமும் மொத்தத்தில் சம எடை பெற்றன. சராசரி காணாமல் இரு தாள்களையும் அப்படியே கூட்டியிருந்தால் மொழியின் எடை இருமடங்காகியிருக்கும். தாள்களின் எண்ணிக்கை ஒன்றாயிருக்க, சராசரி காண்பதா கூட்டுவதா என்ற ஒரு முடிவே பாடத்தின் எடையை நிர்ணயித்தது.

ஆயினும் எல்லாப் பாடங்களுக்கும் உச்ச மதிப்பெண் ஒன்றாக இருப்பதனாலேயே அவை மொத்தத்தில் சம எடை பெறுவதில்லை. மாணவர்களின் வரிசையை ஒரு பாடம் எவ்வளவு மாற்றவல்லது என்பது, அப்பாடத்தில் அவர்கள் பெற்ற மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதைப் பொறுத்தது. முன்னதைப் பெயரளவு எடை என்றும் பின்னதைச் செயல் எடை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

கற்பிதமான ஒரு வகுப்பைக் கொள்வோம். தமிழில் மாணவர்கள் பெற்ற மதிப்பெண்கள் 165 முதல் 185 வரை அமைகின்றன. கணிதத்தில் அவை 100 முதல் 200 வரை விரிகின்றன. மாணவர் ‘அ’ தமிழில் 185 பெற்று வகுப்பில் முதல்வராகிறார். கணிதத்தில் 160 பெறுகிறார். மாணவர் ‘ஆ’ தமிழில் 165 பெற்று வகுப்பின் கடைசி இடத்தில் நிற்கிறார். கணிதத்தில் 185 பெறுகிறார். இருவரின் கூட்டுத்தொகை முறையே 345, 350. தமிழில் முதலிடத்திற்கும் கடைசி இடத்திற்கும் உள்ள தொலைவு முழுவதையும் கணிதத்தின் 25 மதிப்பெண்கள் விழுங்கிவிட்டன. ஒவ்வொரு பாடத்திலும் கடைசி மதிப்பெண்ணைச் சுழியாகவும் முதல் மதிப்பெண்ணை நூறாகவும் கொண்டு மாற்றினால், ‘அ’ தமிழில் 100, கணிதத்தில் 60 என 160 பெறுவார். ‘ஆ’ தமிழில் 0, கணிதத்தில் 85 என 85 மட்டுமே பெறுவார். வரிசை தலைகீழாகிறது. இவற்றுள் எது சரி என்பது கணிதத்தால் தீர்க்கக்கூடிய வினா அன்று. ஆனால் நேரடிக் கூட்டல் நடுநிலையானது என்னும் நம்பிக்கை இதனால் தகர்கிறது.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி முறை கையாளப்படுகிறது. மாணவரின் மதிப்பெண் அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை அப்பாடத்தின் திட்ட விலக்கத்தால் வகுத்துக் காண்பதால், விரிவின் வேறுபாடு கணக்கிலேயே ஈடுசெய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் பிற வாரிய மாணவர்களுக்கென வகுக்கப்பட்ட முறை வேறு. நுழைவுத்தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பாடத்தில் பிற வாரியத்தின் உச்ச மதிப்பெண் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமமாகக் கொள்ளப்படும். மாநில வாரியத்தின் உச்சம் 100, பிற வாரியத்தின் உச்சம் 90 எனில், பின்னதில் 60 பெற்றவர் 66.67 பெற்றவராகக் கருதப்படுவார். இம்முறை உச்சிகளை மட்டும் ஒருமுகப்படுத்துகிறது. இடைநிலை மாணவர்களின் மதிப்பெண்கள் எங்கே செறிந்துள்ளன என்பதை அது பார்ப்பதில்லை.

2. தரவரிசை: சமநிலை எழுப்பிய சிக்கல்

மொத்தம் கிடைத்ததும் அடுத்து வருவது இடம். பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் ஒரு பாடத்தில் தவறியவருக்கும் தேர்வுக்கு வராதவருக்கும் இடம் குறிக்காமல் விடுவது பரவலான வழக்கம். மொத்தம் கூடுதலாக இருந்தும் இடம் பெறாதவர் இதனால் உருவாகிறார். மாநில அளவில் இடங்கள் அறிவிக்கப்பட்டபோது மேலும் ஒரு வரம்பு இருந்தது. தமிழை முதற்பாடமாகக் கொண்டவர்களின் இடங்களும் பிறமொழியை முதற்பாடமாகக் கொண்டவர்களின் இடங்களும் தனித்தனியே வெளியிடப்பட்டன. எனவே ‘மாநில முதலிடம்’ என்பது வெறும் மொத்தத்தின் உச்சம் அன்று. தகுதி வரையறை ஒன்றால் வடிகட்டப்பட்ட மொத்தத்தின் உச்சமாகும்.

சமநிலைச் சிக்கல் பத்தாம் வகுப்பு முடிவுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2014இல் 500க்கு 499 பெற்று 19 பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 498 பெற்ற 125 பேர் இரண்டாமிடத்தையும் 497 பெற்ற 321 பேர் மூன்றாமிடத்தையும் பெற்றனர். அடுத்த ஆண்டு இவ்வெண்ணிக்கைகள் முறையே 41, 192, 540 ஆயின. முதல் மூன்று இடங்களில் 2015இல் நின்றவர்கள் மொத்தம் 773 பேர்.

இங்குக் கையாளப்பட்டது, சமநிலையில் எத்தனை பேர் இருந்தாலும் அடுத்த மதிப்பெண்ணுக்கு அடுத்த எண்ணை இடும் முறையாகும். விளையாட்டுப் போட்டிகளில் வழங்கும் முறைப்படி, முன்னே இருப்போரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு இடம் தந்திருந்தால், 2015இல் 498 பெற்றவர் 42ஆம் இடத்தினர். 497 பெற்றவர் 234ஆம் இடத்தினர். ஒரே விடைத்தாள்கள், ஒரே மொத்தம். ஒரு முறையில் ‘மாநிலத்தில் மூன்றாமிடம்’, மற்றொன்றில் ‘மாநிலத்தில் 234ஆம் இடம்’. முன்னது செய்தித்தாளில் ஒளிப்படம் பெற்றுத்தருவது. பின்னது எவர் கண்ணிலும் படாதது. பள்ளிக்குள் வகுப்புத் தரவரிசை இடுவோரும் இவ்விரு முறைகளுள் ஒன்றையே, பெரும்பாலும் அறிவிக்காமல், பின்பற்றுகின்றனர். ஓர் அறிக்கையில் எது பின்பற்றப்பட்டுள்ளது என்பதை அறிய எளிய வழி உண்டு. இருவர் முதலிடத்தில் இருக்கும்போது அடுத்தவருக்கு இரண்டு இடப்பட்டுள்ளதா, மூன்று இடப்பட்டுள்ளதா என்று பார்த்தால் போதும்.

மேற்கண்ட நெரிசலுக்குக் காரணம் அளவுகோலின் உச்ச வரம்பு. மொத்தம் 500ஐ நெருங்க நெருங்க, மாணவர்களைப் பிரித்தறிய எஞ்சியிருக்கும் மதிப்பெண்கள் ஒன்றிரண்டே. அந்த நிலையில் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு விடையில் குறைந்த ஒரு மதிப்பெண்ணே. அளவுகோல் பிரித்தறியும் ஆற்றலை இழந்த இடத்தில்தான் தரவரிசை மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது என்பது இதன் முரண்.

2017 மே மாதம், மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாவதற்குச் சற்று முன்னர், மாநில இடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, குறிப்பிட்ட மதிப்பெண் இடைவெளிகளில் எத்தனை பேர் உள்ளனர் என்பது வெளியிடப்பட்டது. எனினும் வரிசைப்படுத்துதல் மறையவில்லை, இடம்பெயர்ந்தது. பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கணக்கில் கணிதம் 100க்கும் இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் சுருக்கப்பட்டன. மொழிப்பாடங்களின் எடை இங்குச் சுழி. மதிப்பெண் பட்டியலில் மூன்றிலொரு பங்கு பெற்றிருந்த இருமொழிகளும் வாழ்க்கையைத் திசைதிருப்பும் பட்டியலில் இடமே பெறவில்லை. சமநிலை வந்தால் கணிதம், இயற்பியல், விருப்பப்பாடம், பிறந்த தேதி எனப் படிப்படியாகப் பார்க்கப்பட்டு, அவற்றாலும் தீராதபோது கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணே முடிவு செய்தது. தரவரிசை எந்தப் புள்ளியில் கல்வித்திறனைக் குறிப்பதை நிறுத்துகிறது என்பதை அந்த எண் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

3. தரநிலை: எல்லைக்கோடுகள்

தரவரிசையின் மிகைத் துல்லியத்திற்கு மாற்றாக வந்தது தரநிலை. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறையுடன் இது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் நீண்டது. ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி மதிப்பீடு செயல்பாடு சார்ந்த 20, சிறுதேர்வு சார்ந்த 20 என இரு கூறுகளாக அமைந்தது. நூற்றுக்கான கூட்டுத்தொகை ஒன்பது தரநிலைகளுள் ஒன்றாக மாற்றப்பட்டது. 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, 71 முதல் 80 வரை பி1 எனத் தொடங்கி, 20உம் அதற்குக் கீழும் இ2 என அது முடிந்தது. ஏ1 தரநிலைக்குப் 10 புள்ளி, ஏ2 தரநிலைக்கு 9 புள்ளி.

எல்லைக்கோட்டில் நிகழ்வதை மூன்று கணக்குகள் காட்டும். முதலாவது, முழுமையாக்கும் இடம். ஒரு மாணவர் வளரறி மதிப்பீட்டின் இரு கூறுகளிலும் 18.25 வீதமும் தொகுத்தறி மதிப்பீட்டில் 54உம் பெறுகிறார். கூட்டிய பின் முழுமையாக்கினால் 90.5 என்பது 91 ஆகி ஏ1 கிடைக்கும். கூறுகளைத் தனித்தனியே முழுமையாக்கினால் 18, 18, 54 என 90 ஆகி ஏ2 கிடைக்கும். மாணவரின் உழைப்பில் எந்த மாற்றமும் இல்லை. பதிவேட்டில் பின்னம் எந்தக் கட்டத்தில் நீக்கப்பட்டது என்பதே தரநிலையை மாற்றுகிறது.

இரண்டாவது, பருவங்களைத் தொகுக்கும் வழி. மூன்று பருவங்களில் ஒருவர் 92, 90, 90 பெற்றால் மதிப்பெண் சராசரி 90.67, முழுமையாக்கினால் ஏ1. பருவத் தரநிலைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏ1, ஏ2, ஏ2, பெரும்பான்மை ஏ2. புள்ளிச் சராசரியும் 9.33 ஆகி ஏ2 பக்கமே சாய்கிறது. தரநிலையாக மாற்றும்போது இழக்கப்பட்ட தகவலைப் பின்னர்ச் சராசரியால் மீட்க இயலாது. எனவே மதிப்பெண்ணைத் தொகுத்த பின்னரே தரநிலை இட வேண்டும். தரநிலைகளைத் தொகுத்தல் கூடாது.

மூன்றாவது, பாடங்களுக்கிடையிலான தொகுப்பு. ஒருவர் ஐந்து பாடங்களிலும் 91 பெறுகிறார். மொத்தம் 455, புள்ளிச் சராசரி 10. மற்றொருவர் மூன்று பாடங்களில் 100, இரண்டில் 90 பெறுகிறார். மொத்தம் 480, புள்ளிச் சராசரி 9.6. 25 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவர் தரநிலையில் பின்தங்குகிறார். தரநிலை சமச்சீரான தேர்ச்சியைப் பாராட்டுகிறது; மொத்தம் உச்சங்களைப் பாராட்டுகிறது. இரண்டையும் ஒரே அறிக்கையில் அருகருகே அச்சிடும் பள்ளி, பெற்றோருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு தீர்ப்புகளைத் தருகிறது.

இத்தரநிலைகள் யாவும் நிலையான எல்லைகளை உடையவை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் பன்னிரண்டாம் வகுப்பில் வேறு வகையைக் கையாண்டது. அங்குத் தேர்ச்சி பெற்றோரில் முதல் எட்டிலொரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டிலொரு பங்கினருக்கு ஏ2 என ஒப்பீட்டு முறையில் தரநிலை இடப்பட்டது. குறியீடு ஒன்றே, பொருள் வேறு. நிலையான முறையில் ஏ1 ‘இவ்வளவு கற்றார்’ என்கிறது; ஒப்பீட்டு முறையில் ‘இத்தனை பேரை முந்தினார்’ என்கிறது. பின்னது பெயர் மாற்றிய தரவரிசையே.

4. தேர்வின்றித் தொகுத்தல்: 2020, 2021

2017–18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாட உச்சம் 100 ஆகவும் ஆண்டு மொத்தம் 600 ஆகவும் குறைந்தன. இரு ஆண்டுகளையும் கூட்டி 1200 எனக் கொள்ளும் முதல் ஏற்பாடு 2018இல் கைவிடப்பட்டு, உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மட்டும் போதும் என்றாயிற்று. ஒதுக்கப்பட்ட பதினோராம் வகுப்பு மதிப்பெண் மூன்றாண்டுகளில் மீண்டும் தேவைப்பட்டது.

பெருந்தொற்றால் 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடும் எடை தரப்பட்டன. வருகை என்னும் கற்றல் சாராத அளவுக்கும் பாட மதிப்பெண்ணில் இங்கு இடம் கிடைத்தது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு மூன்று கூறுகள் கொண்ட வாய்பாடு வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் மிகுதியாகப் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினோராம் வகுப்பில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வுக்கு 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 விழுக்காடு.

ஒரு மாணவரின் இயற்பியல் மதிப்பெண்ணைக் கணக்கிடுவோம். பத்தாம் வகுப்பில் அவரது முதல் மூன்று மதிப்பெண்கள் 96, 92, 88, சராசரி 92, அதில் பாதி 46. பதினோராம் வகுப்பு இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70க்கு 49, இருபதுக்கு 14. செய்முறையில் 20உம் அகமதிப்பீட்டில் 10உம் முழுமையாகப் பெற்றுள்ளார், 30. ஆகக் கூடுதல் 90.

இவ்வாய்பாட்டில் 46 என்பது இயற்பியலுக்கு மட்டும் உரியதன்று. அவரது ஆறு பாடங்களிலும் அதுவே இடம்பெறும். 600இல் 276 ஒரே எண்ணின் ஆறு மடங்கு. அகமதிப்பீட்டில் பெரும்பாலோர் முழு மதிப்பெண்ணை நெருங்கும் வகுப்பில் 30 என்னும் கூறும் கிட்டத்தட்ட மாறிலியாகிறது. அத்தகைய வகுப்பில் ஒரே மாணவரின் இயற்பியலையும் தமிழையும் வேறுபடுத்திக் காட்டுவது, பெயரளவில் மிகச் சிறியதான பதினோராம் வகுப்பின் 20 விழுக்காடே. மாணவர்களுக்கிடையே வேறுபாட்டை உருவாக்குவதில் பத்தாம் வகுப்பின் 50 விழுக்காடு முன்னிற்கிறது. ஆனால் அதிலும் முதல் மூன்று பாடங்களே கொள்ளப்பட்டதால் எஞ்சிய இரு பாடங்களின் வலுக்குறைவு மறைந்து, விரிவு சுருங்குகிறது. ஓராண்டுக்கு முன் உயர்கல்விக்குத் தேவையற்றதென ஒதுங்கியிருந்த தேர்வை அலட்சியமாக எழுதியவர், அதன் விளைவைத் தம் இறுதிப் பட்டியலில் கண்டார். எடைகள் தேர்வுக்குப் பின் அறிவிக்கப்படும்போது மாணவர் தம் உழைப்பை அவற்றுக்கேற்பப் பகிர்ந்திருக்க இயலாது. அவ்வாண்டின் தொகுப்பில் நேர்ந்த இழப்பு இதுவே.

முடிவுரை

மொத்தத்தில் மதிப்பெண்களின் விரிவும், தரவரிசையில் சமநிலை விதியும், தரநிலையில் முழுமையாக்கும் கட்டமும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இவை மூன்றும் தேர்ச்சி அறிக்கையில் அச்சிடப்படுவதில்லை. 1980இன் 1200, 2015இன் 773 பேர், 2021இன் 46 ஆகியவை விடைத்தாளில் மட்டும் பிறந்த எண்கள் அல்ல; விதிகளும் சேர்ந்து பிறப்பித்தவை. ஆகவே மதிப்பெண் பட்டியல்களைச் சான்றாகக் கொண்டு இரு காலங்களின் கல்வித்தரத்தை ஒப்பிடும் ஆய்வாளர், அவ்விரு காலங்களின் தொகுப்பு விதிகளை முதலில் ஒப்பிட வேண்டும். 2015இல் மூன்றாமிடம் பெற்றவரின் சான்று, முன்னே இருப்போரை எண்ணி இடம் தரும் பட்டியல் ஒன்றின் மூன்றாமிடத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. பள்ளி அளவில், பின்பற்றிய சமநிலை விதியையும் முழுமையாக்கும் கட்டத்தையும் அறிக்கையின் அடியில் ஒரு வரியாகக் குறிப்பிடுவது போதுமானது. மாணவர் தம் இடத்தைக் கேள்விக்குட்படுத்துவதற்கு அந்த ஒரு வரியே அடிப்படையாக அமையும்.